இண்டெக்ஸிங் டேபிளுக்கு சர்வோ மோட்டாரும் கியர்பாக்ஸும் தேர்ந்தெடுக்கும் முறை: ஒரு முழுக் கணக்கு

சர்வோ மோட்டார் விலை கேட்டுப் போன் செய்தால், எதிர்முனையில் வரும் முதல் கேள்வி "எத்தனை வாட் சார்?" என்பதுதான். புதிதாக இயந்திரம் வடிவமைப்பவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றே சிக்கிக்கொள்கிறார்கள். வாட் என்பது கணக்கின் கடைசியில் தானாக வந்து விழ வேண்டிய எண். அதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: சுமையின் இனர்ஷியா மோட்டாரின் இனர்ஷியாவைப்போல் எத்தனை மடங்கு, ஒரு முறை நகர்ந்து நிற்கும் சுற்றில் எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு நேரம் நிற்கிறது, அதிகபட்ச டார்க் எவ்வளவு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கோர்த்துச் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டலாக்குகளைப் புரட்டிப் புரட்டித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம், எட்டு ஸ்டேஷன் கொண்ட கிடைமட்ட இண்டெக்ஸிங் டேபிள். 600 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புத் தட்டு. அதன் மேல் மையத்திலிருந்து 250 மி.மீ. தூரத்தில் பாகத்தைப் பிடிக்கும் எட்டு ஃபிக்ஸ்ச்சர்கள், பாகத்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் 3 கிலோ. அரை நொடியில் 45 டிகிரி திரும்ப வேண்டும், ஒரு நொடி நிற்க வேண்டும். கணக்கை எளிதாக்க, எல்லா அலகுகளையும் மீட்டர், கிலோ, நொடி என்றே வைத்துக்கொள்கிறேன். டார்க்கின் அலகான நியூட்டன்-மீட்டரை இனி நி.மீ. என்று சுருக்கி எழுதுகிறேன்.

1. சுமையின் இனர்ஷியாவைக் கணக்கிடுங்கள்

தட்டுக்கு ஒரு சூத்திரம், மையத்திலிருந்து தள்ளி உட்காரும் எடைகளுக்கு ஒரு சூத்திரம். இந்த இரண்டும் இங்கே போதும்.

```
தட்டு:          J = 0.5 × m × r²  = 0.5 × 44.4 × 0.3²  = 2.0
ஃபிக்ஸ்ச்சர்:    J = m × r²        = 24 × 0.25²         = 1.5
மொத்தம்:        J = 3.5 kg·m²
```

தட்டின் எடை 44.4 கிலோ, ஃபிக்ஸ்ச்சர்கள் எல்லாம் சேர்ந்து 24 கிலோதான். ஆனாலும் இனர்ஷியாவில் இரண்டும் நெருங்கி வந்து நிற்பதைக் கவனியுங்கள். ஆரம் வர்க்கமாகக் கூடுவதால், விளிம்புக்கு அருகே வைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் விலை அதிகம். மோட்டாரைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ஃபிக்ஸ்ச்சரை அலுமினியத்தில் செய்ய முடியுமா, தட்டின் விளிம்பில் துளைகள் போட்டு எடை குறைக்க முடியுமா என்று பாருங்கள். மொத்தக் கணக்கிலும் மிகக் குறைந்த செலவில் ஆகும் மாற்றம் இதுதான்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. சாலிட்வொர்க்ஸில் நிறைப் பண்புகளை எடுத்தால் நிறை மையத்தைப் பற்றிய இனர்ஷியாவும், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆயத்தொகுப்பைப் பற்றிய இனர்ஷியாவும் தனித்தனியாகக் காட்டப்படும். நமக்கு வேண்டியது சுழலும் அச்சைப் பற்றியது. ஒரு ஃபிக்ஸ்ச்சரை மட்டும் தனியாக எடுத்து அதன் நிறை மைய இனர்ஷியாவை எழுதிக்கொண்டால், 250 மி.மீ. தள்ளி இருப்பது கணக்கிலேயே வராது. அடுத்தது அலகு. அந்த மென்பொருள் கிராம்-மி.மீ² அலகில் கொடுத்தால், கிலோ-மீ² ஆக்க நூறு கோடியால் வகுக்க வேண்டும். சில பழைய கேட்டலாக்குகளில் GD² என்று போட்டிருப்பார்கள். அது நம் J-யைப் போல நான்கு மடங்கு எண்.

2. நகர்வை நேரமாகப் பிரியுங்கள்

அரை நொடியை மூன்று சம பங்காக வைத்துக்கொள்ளலாம்: ஒரு பங்கு வேகமெடுக்க, ஒரு பங்கு சீராக ஓட, ஒரு பங்கு வேகம் குறைக்க. 45 டிகிரி என்பது 0.785 ரேடியன். இந்த மாதிரியான நகர்வில் உச்ச வேகம், சராசரி வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு.

```
உச்ச வேகம்:   ω = 1.5 × 0.785 / 0.5 = 2.36 rad/s  (22.5 rpm)
முடுக்கம்:     α = 2.36 / 0.167      = 14.1 rad/s²
```

மேசையின் பேரிங், சீல் ஆகியவற்றின் உராய்வை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். மேசை தயாராக இருந்தால் விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டித் தொடுகோட்டுத் திசையில் மெதுவாக இழுங்கள். 2 கிலோ காட்டினால் அது சுமார் 20 நியூட்டன். 0.3 மீட்டர் ஆரத்தில் 6 நி.மீ. ஆகிறது. இந்தக் கணக்கில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

3. மேசைக்குத் தேவையான உச்ச டார்க்

```
T = J × α + உராய்வு = 3.5 × 14.1 + 6 ≈ 55.5 Nm
```

ஆனால் நிஜத்தில் முடுக்கம் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கினால் மேசை குலுங்கும். அதனால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவில் எஸ்-கர்வ் போடுவோம். வேகமெடுக்கும் நேரத்தின் முதல் கால் பங்கில் முடுக்கம் படிப்படியாக ஏறி, கடைசிக் கால் பங்கில் படிப்படியாக இறங்கும். அதே நேரத்துக்குள் அதே வேகத்தை எட்ட வேண்டும் என்பதால் நடுவில் உள்ள முடுக்கம் மூன்றில் நான்கு மடங்காக உயர வேண்டியிருக்கிறது. அப்படியானால் 49.5 நி.மீ. என்பது 66 ஆகும், உராய்வோடு 72 நி.மீ. மென்மையான நகர்வு என்றால் டார்க் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நேரத்தை மாற்றாமல் மென்மையாக்கினால் உச்ச டார்க் கூடத்தான் செய்யும். கணக்கில் இந்த 72-ஐயே எடுங்கள்.

4. விகிதத்தையும் மோட்டாரையும் ஒன்றாகப் பாருங்கள்

சிறிய சர்வோ மோட்டார்கள் பெரும்பாலும் 3000 ஆர்பிஎம் மதிப்பீட்டில் வருகின்றன. மேசை 22.5 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. 3000-ஐ 22.5-ஆல் வகுத்தால் 133 வருகிறது. அதற்குள் இரண்டு அடுக்கு பிளானட்டரி கியர்பாக்ஸில் எளிதாகக் கிடைக்கும் விகிதம் 100. அப்போது மோட்டார் 2250 ஆர்பிஎம்மில் ஓடும், மேலே கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கும்.

கியர்பாக்ஸின் பெரிய உதவி, சுமையின் இனர்ஷியாவை விகிதத்தின் வர்க்கத்தால் குறைப்பது. 3.5-ஐ 100-இன் வர்க்கத்தால் வகுத்தால் 3.5 × 10⁻⁴. கியர்பாக்ஸின் சொந்த இனர்ஷியா 0.3 × 10⁻⁴ என்று வைத்து அதையும் சுமைப் பக்கம் சேர்த்தால் 3.8 × 10⁻⁴ ஆகிறது. இதை மோட்டாரின் ரோட்டர் இனர்ஷியாவால் வகுத்தால் கிடைப்பதுதான் இனர்ஷியா விகிதம்.

இந்தக் கணக்குக்காக மூன்று மோட்டார்களை எடுத்துக்கொள்வோம். 200 வாட்: மதிப்பீட்டு டார்க் 0.64, உச்சம் 1.9 நி.மீ., ரோட்டர் 0.2 × 10⁻⁴. 400 வாட்: 1.27, 3.8, ரோட்டர் 0.4 × 10⁻⁴. 750 வாட்: 2.39, 7.1, ரோட்டர் 1.1 × 10⁻⁴. டார்க் எண்கள் எந்த நிறுவனத்தை எடுத்தாலும் ஏறக்குறைய இதேதான், ஏனென்றால் வாட்டையும் 3000 ஆர்பிஎம்மையும் வைத்தால் டார்க் தானாக வந்துவிடும். ரோட்டர் இனர்ஷியாதான் மாடலுக்கு மாடல் மாறும், அதைக் கட்டாயம் கேட்டலாக்கில் பாருங்கள். அட்டவணைத் தலைப்பில் ×10⁻⁴ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைத் தவறவிட்டால் கணக்கு பத்தாயிரம் மடங்கு தப்பாகிவிடும்.

முதலில் 200 வாட் மோட்டாரின் டார்க்கைப் பார்ப்போம். கியர்பாக்ஸ் செயல்திறன் 90 சதவீதம் என்றால் 72 நி.மீ.-க்கு மோட்டார் தண்டில் 0.8 நி.மீ. வேண்டும். ரோட்டரையும் கியர்பாக்ஸையும் முடுக்க இன்னும் 0.09. மொத்தம் 0.89. மோட்டாரின் உச்சம் 1.9. ஆக, டார்க்கை மட்டும் பார்த்தால் 200 வாட்டே தாராளம். மேசைக்குத் தேவையான உச்ச சக்தியும் 200 வாட்டைத் தாண்டவில்லை. "எத்தனை வாட்?" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிட்டால் ஆர்டர் போய்விடும்.

இப்போது இனர்ஷியா விகிதத்தைப் பாருங்கள். 200 வாட்டுக்கு 3.8-ஐ 0.2-ஆல் வகுத்தால் 19. 400 வாட்டுக்கு 9.5. 750 வாட்டுக்கு 3.5.

விகிதம் பெரிதானால் என்ன ஆகிறது? மோட்டாருக்கும் மேசைக்கும் நடுவில் கியர்பாக்ஸ் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கிறது, பல்லிடுக்கில் பேக்லாஷ் என்னும் சிறு இடைவெளியும் இருக்கிறது. ரோட்டர் லேசாகவும் மேசை கனமாகவும் இருந்தால், மேசையின் ஆட்டம் ரோட்டரை இழுத்து ஆட்டுகிறது. டிரைவ் அதை எதிர்த்துத் திருத்தப் பார்த்து ஆட்டத்தை இன்னும் பெருக்குகிறது. நின்ற இடத்தில் மோட்டார் "ங்ங்" என்று பாடும். அதை அடக்க, டிரைவ் எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவான கெயினைக் குறைத்தால் மேசை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஒரு நொடி நிற்கும் நேரத்தில் கால் நொடி இதற்கே போய்விடும்.

எந்த விகிதம் வரை சரி என்பதற்கு ஒரே எண் கிடையாது. வேகமாக நின்று உடனே வேலை செய்ய வேண்டிய இண்டெக்ஸிங்குக்கு 5-க்குள் வைப்பது நிம்மதி. சாதாரண வேலைக்கு 10 வரை போகலாம். இப்போதைய டிரைவ்கள் 20, 30 வரை தாங்கும் என்று கேட்டலாக்குகள் சொல்கின்றன. இணைப்பு விறைப்பாகவும் பேக்லாஷ் குறைவாகவும் நகர்வு மெதுவாகவும் இருந்தால் அது உண்மைதான். இந்த மேசைக்கு நான் 750 வாட்டை எடுப்பேன். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால் 400 வாட்டில் "ஹை இனர்ஷியா" என்று தனி வகை பல நிறுவனங்களிடம் உண்டு. டார்க் அதே, ரோட்டர் மட்டும் கனம். அதை விசாரியுங்கள்.

5. சூடு தாங்குமா: ஆர்எம்எஸ் டார்க்

உச்ச டார்க்கைச் சில கண நேரம் கொடுத்துவிடலாம். மோட்டார் சூடாவது சராசரியைப் பொறுத்தது, அதுவும் வர்க்கச் சராசரியை. 750 வாட் மோட்டாரில், எஸ்-கர்வ் இல்லாத நகர்வுக்கு, முடுக்கும்போது 0.82, சீராக ஓடும்போது 0.07, நிறுத்தும்போது 0.59, நிற்கும்போது பூச்சியம். நிறுத்தும்போது டார்க் குறைவாக இருப்பதற்குக் காரணம், உராய்வும் கியர்பாக்ஸ் இழப்பும் நிறுத்த உதவுகின்றன.

```
T_rms = √[ (0.82²×0.167 + 0.07²×0.167 + 0.59²×0.167 + 0×1.0) / 1.5 ]
      ≈ 0.34 Nm
```

எஸ்-கர்வ் போட்டால் இது கொஞ்சம் கூடும். மதிப்பீடு 2.39 நி.மீ. என்பதால் கவலையே இல்லை. பொதுவாக ஆர்எம்எஸ் டார்க் மதிப்பீட்டில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டலாக் எண்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் சுற்றுப்புற வெப்பத்துக்கானவை. தகரக் கூரை ஷெட்டில், மே மாத மதியத்தில், மூடிய இயந்திரக் கூண்டுக்குள் அது சுலபமாகத் தாண்டும்.

இது கிடைமட்ட மேசை. சுமை மேலும் கீழும் நகரும் அச்சு என்றால், அல்லது செங்குத்தாக நிற்கும் மேசையின் ஒரு பக்கம் கனம் என்றால், நிற்கும் நேரத்திலும் மோட்டார் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் பூச்சியம் போட்ட இடத்தில் அந்தத் தாங்கும் டார்க்கைப் போடுங்கள். நிற்கும் நேரமே நீளம் என்பதால் விடை தலைகீழாக மாறக்கூடும். பிரேக் உள்ள மோட்டாரும் தேவைப்படும்.

6. கியர்பாக்ஸைத் தனியாகச் சரிபாருங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் படி இது. மோட்டார் சரியாக அமைந்ததும் அதோடு பொருந்துகிற ஏதோ ஒரு கியர்பாக்ஸை எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஓட்ட விகிதம். நகரும் நேரம் 0.5, முழுச் சுற்று 1.5, ஆக 33 சதவீதம். பிளானட்டரி கியர்பாக்ஸ் கேட்டலாக்குகளில் வழக்கமான விதி இது: ஓட்டம் 60 சதவீதத்துக்குக் கீழும், ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்குக் குறைவாகவும் இருந்தால் விட்டுவிட்டு ஓடும் வகை. அப்போது T2B என்று குறிக்கப்படும் முடுக்க டார்க்கோடு ஒப்பிடலாம். அதைத் தாண்டினால் தொடர் ஓட்டம், அதைவிடக் குறைவான T2N-தான் எல்லை. இதே மேசையை உற்பத்தி கூட்டுவதற்காக 0.2 நொடி மட்டும் நிறுத்தினால் ஓட்டம் 71 சதவீதமாகிவிடும், அதே கியர்பாக்ஸ் போதாமல் போகலாம்.

அடுத்தது மணிக்கு எத்தனை சுற்று. 1.5 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 2400. ஆயிரத்தைத் தாண்டினாலே அதிர்வுக் காரணி ஒன்றால் பெருக்கச் சொல்வார்கள். அந்த அட்டவணை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இந்தக் கணக்குக்கு 1.7 எடுத்துக்கொள்கிறேன்.

```
72 × 1.7 = 122 Nm  ≤  T2B
```

இந்த எண்ணை வைத்துக்கொண்டு அட்டவணையில் உங்கள் விகிதத்துக்கு நேராக இருக்கும் T2B-யைப் படியுங்கள். ஒரே சைஸ் பெட்டியில்கூட 10, 100 போன்ற விகிதங்களில் சூரியப் பல்சக்கரம் சிறியது, அதனால் T2B மற்ற விகிதங்களைவிடக் குறைவாகவே இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டார்க், அந்த சைஸின் மிகச் சிறந்த விகிதத்துக்கானது. 90 மி.மீ. பெட்டி 100 விகிதத்தில் இந்த 122-க்குப் போதாமல் போக வாய்ப்பு அதிகம். அடுத்த சைஸ் 115 அல்லது 120 மி.மீ. பெட்டியைப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து. 750 வாட் மோட்டாரின் உச்சம் 7.1 நி.மீ. அது 100 விகிதத்தில், இழப்பு போக, மேசைப் பக்கம் 640 நி.மீ. ஆகும். மேசை எங்காவது சிக்கிக்கொண்டால் டிரைவ் அவ்வளவையும் தள்ளும், கியர்பாக்ஸ் பல் போய்விடும். நமக்குத் தேவை 1.06 நி.மீ.தான். ஆகவே டிரைவில் டார்க் லிமிட்டை 1.5 நி.மீ. அளவில், அதாவது மதிப்பீட்டில் சுமார் 63 சதவீதத்தில் வையுங்கள். மேசைப் பக்கம் அது 135 நி.மீ.-ஐத் தாண்டாது. இனர்ஷியாவுக்காகப் பெரிய மோட்டார் எடுத்தால் இந்த லிமிட் கட்டாயம், முதல் ஓட்டத்துக்கு முன்பே.

7. விறைப்பையும் பேக்லாஷையும் பாருங்கள்

டார்க், இனர்ஷியா எல்லாம் பொருந்தியும் மேசை நின்ற பின் ஆடுகிறதா? பெரும்பாலும் கியர்பாக்ஸின் முறுக்கு விறைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் அசையாமல் பிடித்திருந்தாலும் மேசை கியர்பாக்ஸின் முறுக்கத்தில் ஊசலாடும். அதன் அதிர்வெண் விறைப்பையும் மேசையின் இனர்ஷியாவையும் மட்டுமே சார்ந்தது.

```
f = (1/2π) × √(k / J)

k = 12 Nm/arcmin → 41,250 Nm/rad → f ≈ 17 Hz
k = 25 Nm/arcmin → 85,900 Nm/rad → f ≈ 25 Hz
```

முதல் எண் 90 மி.மீ. பெட்டியில் வரக்கூடிய அளவு, இரண்டாவது அடுத்த சைஸில் வரக்கூடிய அளவு. 17 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் ஊசல் 58 மில்லி நொடி, நாலைந்து ஊசல் அடங்கவே கால் நொடி ஆகும். இதை எந்தப் பெரிய மோட்டாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மேசையை லேசாக்க வேண்டும், அல்லது விறைப்பான பெட்டி எடுக்க வேண்டும், அல்லது நகர்வு நேரத்தைக் கூட்ட வேண்டும். கியர்பாக்ஸுக்கும் மேசைக்கும் நடுவில் ரப்பர் வைத்த கப்ளிங் போட்டால் விறைப்பு இன்னும் குறையும், அங்கே போடாதீர்கள்.

பேக்லாஷ் தனிக் கணக்கு. 5 ஆர்க் மினிட் என்பது ஏட்டில் சிறியதாகத் தெரியும். 250 மி.மீ. ஆரத்தில் அது 0.36 மி.மீ. ஃபிக்ஸ்ச்சர் இருக்கும் இடத்தில் ±0.05 வேண்டும் என்றால் 1 ஆர்க் மினிட் பெட்டிகூட, 0.07 மி.மீ. இடைவெளியோடு, விளிம்பில்தான் நிற்கும். பேக்லாஷ் குறையக் குறைய விலை வேகமாக ஏறும். அத்தனை துல்லியம் ஓரிரு ஸ்டேஷனில் மட்டும் தேவை என்றால், சாதாரணப் பெட்டியோடு நின்ற பின் நுழையும் லொக்கேட்டிங் பின் ஒன்றை வைப்பது மலிவான வழி. பின் நுழையும்போது மட்டும் டார்க் லிமிட்டை இன்னும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

8. விலை கேட்கும்போது அனுப்ப வேண்டியவை

ஒரே பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: சுமையின் இனர்ஷியா, நகர்வு நேர வரைபடம், உச்ச டார்க், ஆர்எம்எஸ் டார்க், மணிக்கு எத்தனை சுற்று, தேவையான துல்லியம், மேசை வைக்கும் கோணம். அதோடு மோட்டாரின் அளவு வரைபடத்தையும் சேர்த்தே கியர்பாக்ஸ்காரருக்கு அனுப்புங்கள். 750 வாட் மோட்டார்களில் 80 மி.மீ. ஃப்ளாஞ்சும் 19 மி.மீ. ஷாஃப்ட்டும் பரவலாக வருகின்றன, 400 வாட்டில் 60-ம் 14-ம். ஆனால் பைலட் விட்டமும் போல்ட் துளைகளும் மாறலாம். அடாப்டர் தவறாக வந்தால் திருப்பி அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகிவிடும்.

விலைப்பட்டியலில் மோட்டார் வரியை மட்டும் பார்க்காதீர்கள். இந்த அளவு டேபிளில் துல்லிய கியர்பாக்ஸின் விலை மோட்டாரையும் டிரைவையும் சேர்த்த விலையைத் தொடலாம். பவர் கேபிள், என்கோடர் கேபிள், கனெக்டர், அடாப்டர் ஃப்ளாஞ்ச் எல்லாம் தனி வரிகளாக வரும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. 400 வாட்டும் அதற்குக் கீழும் உள்ள டிரைவ்கள் பலவற்றில், நிறுத்தும்போது திரும்பி வரும் ஆற்றலைச் சூடாக எரிக்கும் ரீஜெனரேஷன் ரெசிஸ்டர் உள்ளே இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மேசையிலிருந்து சுமார் 10 ஜூல் திரும்புகிறது. அதை டிரைவ் தாங்குமா, வெளி ரெசிஸ்டர் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெலிவரி நாளை மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மோட்டார் கையிருப்பில் இருக்கும், நீங்கள் கேட்ட விகிதத்தில் பெட்டி இறக்குமதி ஆக வேண்டியிருக்கும். இயந்திர அட்டவணையை அந்தப் பெட்டியின் தேதியை வைத்தே போடுங்கள்.

9. முதல் ஓட்டத்தில் சரிபார்க்க

டார்க் லிமிட்டைப் போட்டுவிட்டு மெதுவான வேகத்தில் ஆட்டோ ட்யூனிங் ஓட்டுங்கள். டிரைவ் தானே கண்டுபிடித்த இனர்ஷியா விகிதத்தைத் திரையில் காட்டும். நம் கணக்கில் 3.5. அங்கே 3-க்கும் 4-க்கும் நடுவில் வந்தால் சரி. 7 என்று வந்தால் ஃபிக்ஸ்ச்சர் எடையையோ ஆரத்தையோ மறுபடி பாருங்கள், அல்லது விகிதம் 100-க்குப் பதில் 70 பெட்டி வந்திருக்கிறதா என்று பெயர்த் தகட்டைப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் கப்ளிங்கின் இறுக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். கியர்பாக்ஸ் நுழைவாயிலில் மோட்டார் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பை டார்க் ரெஞ்ச் வைத்துக் கேட்டலாக்கில் சொன்ன அளவுக்கு இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிறகு முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, டிரைவில் உச்ச டார்க்கையும் சராசரிச் சுமையையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் மதிப்பீட்டில் 45 சதவீதத்தை ஒட்டியும், சராசரி 15 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். உச்சம் சரியாக இருந்து சராசரி மட்டும் மிக அதிகம் என்றால், மோட்டார் நிற்கும்போதும் ஏதோ ஒன்றோடு போராடுகிறது என்று பொருள். பின் இறுகியிருக்கலாம், பேரிங் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம், கெயின் கூடிப்போய் மோட்டார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி மேசையைக் கையால் தள்ளிப் பாருங்கள். பின் வெளியே இருக்கும்போது பேக்லாஷ் அளவுக்கு லேசான ஆட்டம் கையில் தெரிய வேண்டும். அந்த ஆட்டம்கூட இல்லாமல் இறுகி நின்றால் பேரிங்கைப் பார்த்த பிறகே டிரைவைத் தொடுங்கள்.